பொதுக்குழு கூடும் மாலை

மாநாட்டின் கடைசி நாள், மாலை ஐந்து மணி. நிறைவு விழாவில் பொன்னாடைகள் போர்த்தப்பட்டு, சான்றிதழ்கள் வழங்கப்பட்டு, குழுப் படமும் எடுக்கப்பட்டுவிட்டது. அரங்கின் வாயிலில் சக்கரப் பைகள் வரிசையாக நிற்கின்றன. இரவு வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் ஆட்டோவைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் தங்குபவர்கள் அருகிலுள்ள கோட்டையையோ அருவியையோ பார்க்கக் கிளம்புகிறார்கள். நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் ஒன்று எஞ்சியிருக்கிறது: ‘5.30 – பொதுக்குழுக் கூட்டம், உறுப்பினர்களுக்கு மட்டும்’.

ஐந்தரைக்கு அரங்கில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுள் ஏழு பேர் செயற்குழுவினர். கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வருகையைக் குறைவெண் என்பர். பேச்சு வழக்கில் கோரம். அது நிறைவேறவில்லை என்று செயலாளர் அறிவிக்கிறார். கூட்டம் அரைமணி நேரம் ஒத்திவைக்கப்படுகிறது. தேநீர் வருகிறது. ஆறு மணிக்கு அதே பன்னிரண்டு பேரோடு, அதே அரங்கில், கூட்டம் மீண்டும் தொடங்குகிறது. இம்முறை குறைவெண் தேவையில்லை. ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்கு அது வேண்டியதில்லை என்று சங்கத்தின் துணைவிதியே சொல்கிறது. இந்தியக் கல்விச் சங்கங்கள் பலவற்றின் துணைவிதிகளில் இந்த ஏற்பாடு உண்டு. உறுப்பினர்கள் வரமாட்டார்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்களே எதிர்பார்த்து, அதற்கு வழியும் வகுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த மாநாடு எங்கே, இதழின் பதிப்பாசிரியர் யார், ஆய்வு மாணவருக்குக் கட்டணம் எவ்வளவு என்பவை அந்தப் பன்னிரண்டு பேரால் முடிவாகின்றன.

சங்கங்கள் ஒரு சிலரின் கையில் இருக்கின்றன என்பது ஆய்வு மாணவர்களிடையே ஓயாமல் கேட்கும் குறை. குறை பொய்யன்று. ஆயினும் அந்தக் கை எவ்வாறு அமைந்தது என்பதற்கான விடையில் ஒரு பாதி, இரயில் நிலையத்துக்குச் சென்ற ஆட்டோக்களில் இருக்கிறது.

பெரும்பாலான ஆய்வாளர்கள் சங்கத்தில் சேர்வது எவ்வாறு? மாநாட்டில் கட்டுரை படிக்க வேண்டும். படிப்பவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுருக்கம் ஏற்கப்பட்ட கடிதத்தோடு உறுப்பினர் படிவமும் வருகிறது. ஆண்டுச் சந்தாவுக்கும் ஆயுள் சந்தாவுக்கும் வேறுபாடு அதிகமில்லை என்பதால் ஆயுள் உறுப்பினராகிவிடுகிறார்கள். உறுப்பினர் எண் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாகிறது. அதன்பின் அந்தச் சங்கத்தோடு உறவு அடுத்த கட்டுரை படிக்கும்வரை இல்லை. இவ்வாறு சேர்ந்தவருக்குத் தாம் எதில் சேர்ந்தோம் என்பதே தெரியாது. துணைவிதிகளை அவர் பார்த்ததில்லை. தமக்கு வாக்கு உண்டா என்பதும் அவருக்குத் தெரியாது.

சேர்வதற்கு முன் எந்தச் சங்கம் என்று தேர்வது முதல் வேலை. மொழியியல் மாணவரையே எடுத்துக்கொள்ளலாம். அவர் தம் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை விரித்து, அதிலுள்ள இதழ்க் கட்டுரைகளை வெளியிட்டவர் யார் என்று பார்த்தால் போதும். வணிகப் பதிப்பகங்களை நீக்கிவிட்டால் எஞ்சுபவை பெரும்பாலும் சங்கங்களே. இந்திய மொழியியல் கழகம் 1928இல் இலாகூரில், அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டின்போது தோன்றியது. ‘இந்தியன் லிங்குவிஸ்டிக்ஸ்’ இதழை 1931 முதல் வெளியிடுகிறது. பிற்பாடு புணேயின் டெக்கான் கல்லூரியில் நிலைகொண்டது. திராவிட மொழியியல் கழகம் 1971இல் வ.அய். சுப்பிரமணியம் முன்னின்று திருவனந்தபுரத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் பன்னாட்டு இதழ் வருகிறது. கணினிவழி மொழியாய்வு செய்பவருக்கு 1962இல் தோன்றிய ஏ.சி.எல். இருக்கிறது, ஆண்டுதோறும் ஐகான் மாநாட்டை நடத்தும் இந்திய இயல்மொழிச் செயலாக்கச் சங்கமும் இருக்கிறது. ஒருவரின் பட்டியலில் எந்தப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறதோ அதுவே அவருடைய உரையாடல் நடக்கும் இடம். திராவிட மொழியொன்றின் வினைமுற்றை ஆராய்பவர், பெரிய பெயர் என்பதற்காக மட்டும் கடல்கடந்த சங்கமொன்றில் பணம் கட்டுவதில் பயன் குறைவு. அங்கே அவர் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இங்கே ஒரு கூடம் நிறைய இருப்பார்கள். அவர்களுள் பாதிப்பேர் அதே மொழிக் குடும்பத்தில் களப்பணி செய்தவர்கள்.

இந்த வழியில் தேடுவதற்கு மற்றொரு நன்மையும் உண்டு. போலிகள் தாமாகவே விலகிவிடும். ‘பன்னாட்டு’, ‘உலக’, ‘ஆராய்ச்சி மாமன்றம்’ என்ற சொற்களைப் பெயரில் தாங்கி, மின்னஞ்சலில் வந்து, ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தால் ‘இளம் அறிஞர் விருது’ தருவதாகச் சொல்லும் அமைப்புகள் யாருடைய துணைநூற்பட்டியலிலும் இருப்பதில்லை. ஐயம் எழுந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. துணைவிதிகளின் படியைத் தருவார்களா? கடைசித் தேர்தல் எப்போது நடந்தது, அதில் யார் போட்டியிட்டார்கள்? சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பும் தணிக்கை செய்த கணக்கும் உறுப்பினர் பார்வைக்குக் கிடைக்குமா? விருது தரும் அமைப்பிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் மறுமொழி வராது. அல்லது கட்டணச் சலுகை வரும்.

நேரடியாகச் சரிபார்க்கவும் வழியுண்டு. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் தில்லி, மகாராட்டிரம் முதலிய இடங்களில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அதன் இடத்தில் 1975ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழு முடிந்த பதினான்கு நாள்களுக்குள் ஆட்சிக்குழுவினரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 19ஆம் பிரிவின்படி அந்த ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். உறுப்பினராக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. மூலச் சட்டம் அதற்கு வைத்த கட்டணம் ஒரு ரூபாய், நகலெடுக்க நூறு சொல்லுக்கு இரண்டணா. மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறியிருக்கிறது, உரிமை மாறவில்லை. ஆய்வுக்காக ஆவணக் காப்பகங்களில் நாள்கணக்கில் உட்காரும் மாணவர்கள், தாம் ஆயுள் முழுதும் சேரப்போகும் அமைப்பின் கோப்பை ஒருமுறை பார்க்கலாம்.

அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு ஆய்வு மாணவருக்கு இன்னும் நெருக்கமானது. விதிப்படி சேர்க்கப்பட்டு, சந்தா செலுத்தியவரோ பதிவேட்டில் கையொப்பமிட்டவரோ, விலகாதிருப்பவரே உறுப்பினர் என்கிறது அது. சந்தா பாக்கி மூன்று மாதத்தைக் கடந்தால் அவருக்கு வாக்கில்லை. அவர் உறுப்பினராகக் கணக்கிடப்படவும் மாட்டார். ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு மறந்துபோனவர் மாநாட்டில் கட்டுரை படிக்கும் நாளில் உண்மையில் உறுப்பினராக இல்லாதிருக்கலாம். ஆயுள் உறுப்பினருக்குப் பாக்கி என்பதே இல்லை. நேற்றுச் சேர்ந்த இருபத்தாறு வயது ஆயுள் உறுப்பினருக்கும், முப்பதாண்டுப் பேராசிரியருக்கும் பொதுக்குழுவில் ஒரே ஒரு வாக்கு. மாணவர் உறுப்பினர் என்ற தனிவகை இருக்கும் சங்கங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கட்டணம் குறைவாக இருக்கும். ஆனால் அந்த வகைக்கு வாக்கும் போட்டியிடும் உரிமையும் உண்டா என்பதைத் துணைவிதிகளில் பார்த்துவிட்டே சேர வேண்டும்.

ஆயுள் சந்தாவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஒரு சங்கம் ஆயுள் சந்தாவாக 3000 ரூபாய் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைப்புநிதியில் போட்டால், ஆண்டுக்கு ஆறு விழுக்காட்டு வட்டியில் 180 ரூபாய் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு இதழ்களை அச்சிட்டு அஞ்சலில் அனுப்ப அந்தத் தொகை போதாது. விலைவாசி ஏற ஏற இடைவெளி அகலும். உறுப்பினரோ இன்னும் நாற்பதாண்டு இருப்பார். ஆகவே பெரிய உறுப்பினர் பட்டியலைக் கொண்ட சங்கம் பணக்காரச் சங்கமாக இருக்கத் தேவையில்லை. பெரும்பாலும் எதிர்மாறாகவே இருக்கும். அது மாநாட்டுப் பதிவுக் கட்டணத்தை நம்பி உயிர்வாழ்கிறது. கட்டணம் ஆண்டுதோறும் உயர்வதற்கும், ஏற்கப்படும் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகிப் பத்து நிமிட அமர்வுகளாகச் சுருங்குவதற்கும், இதழ் இரண்டாண்டு பின்தங்கி வருவதற்கும் இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணம். ‘ஆயுள் சந்தா கட்டினேன், சங்கம் எனக்கு என்ன செய்தது’ என்று கேட்பவர், தாம் கட்டிய தொகை சில ஆண்டுகளிலேயே தீர்ந்துபோனதை அறிவதில்லை. அதற்குப்பின் அவர் தரக்கூடியது உழைப்பு ஒன்றுதான்.

உழைப்பு என்றதும் ஓர் ஐயத்தை முதலில் தெளிவாக்க வேண்டும். பதிவு மேசையில் உட்கார்ந்து பைகள் வழங்குவது, விருந்தினரை நிலையத்திலிருந்து அழைத்துவருவது, மேடையில் பூங்கொத்துக் கொடுப்பது ஆகியவற்றை ஆய்வு மாணவர்கள் ஆண்டுதோறும் செய்கிறார்கள். அவை வேண்டிய வேலைகளே. ஆயினும் அவற்றைச் சங்கத்தில் பங்கேற்பது என்று சொல்வது பொருந்தாது. நூறு பைகள் வழங்கியவருக்கு அடுத்த மாநாட்டின் பொருள் என்ன என்று கேட்கும் இடம் கிடைப்பதில்லை; அவர் அந்தத் துறையின் மாணவர் என்பதால் அந்த வேலை அவருக்கு வந்தது, உறுப்பினர் என்பதால் அன்று. வேறுபாட்டை அறிய ஒரே அளவுகோல் உண்டு. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் செய்பவரின் முடிவுக்கு இடமிருக்கிறதா? சுருக்கங்களை மதிப்பிடுவது, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, மாநாட்டுத் தொகுதியின் படிகளைச் சரிபார்ப்பது, இதழின் சொல்லடைவை ஆக்குவது ஆகியவற்றில் இடமிருக்கிறது. இவற்றுள் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது கவர்ச்சியற்ற வேலை. ஆனால் அதை எழுதுபவர் எழுதாததை அடுத்த ஆண்டு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இவை எல்லாம் நடைமுறையில் எப்படி அமைகின்றன என்பதற்கு ஒரு மொழியியல் சங்கத்தில் நடந்ததைச் சொல்லலாம். நீலகிரிப் பகுதிப் பழங்குடி மொழியொன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த ஒருவர், மேலே சொன்னது போன்ற ஒரு மாலையில் வண்டி தாமதம் என்ற ஒரே காரணத்தால் பொதுக்குழுவுக்குப் போனார். நிகழ்ச்சி நிரல் வழக்கமானது: சென்ற கூட்டக் குறிப்பை உறுதிசெய்தல், செயலாளர் அறிக்கை, பொருளாளரின் கணக்கு, தணிக்கையாளர் நியமனம், அடுத்த மாநாட்டின் இடம், ‘தலைவரின் அனுமதியுடன் பிற பொருள்கள்’. கடைசிப் பொருளில் அவர் எழுந்து, சங்க இதழின் பழைய தொகுதிகள் எவற்றிலும் தேட முடியவில்லை, ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டார். நல்ல யோசனை, பரிசீலிக்கப்படும் என்று தலைவர் சொன்னார். ஓராண்டு சென்றது. பரிசீலனைக்கான தடயம் எதுவும் இல்லை. குறிப்பேட்டில் அவர் பேசியது பதிவாகவே இல்லை.

அதில் சதி ஏதும் இல்லை. ‘பிற பொருள்கள்’ என்பதன்கீழ் வாய்மொழியாகச் சொல்லப்படுவது பொதுவாகத் தீர்மானமாவதில்லை. யார், எதை, எப்போதைக்குள் செய்வது என்பது அதில் இல்லாததால் அதை நிறைவேற்றவும் ஆளில்லை. அடுத்த ஆண்டு அவர் துணைவிதிகளைக் கேட்டு வாங்கினார். பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர எத்தனை நாள்களுக்கு முன் செயலாளருக்கு எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. அதன்படி ஒரு பக்கக் கடிதம் எழுதினார். வழிமொழிய வேறொரு பல்கலைக்கழகத்தின் இணைப்பேராசிரியரைக் கேட்டுக் கையொப்பம் பெற்றார். கடிதத்தில் குறைகூறல் இல்லை. இதழின் எல்லாத் தொகுதிகளுக்கும் ஆசிரியர், தலைப்பு, மொழி ஆகிய மூன்று வகை அடைவு ஆக்கப்பட வேண்டும். மூவர் கொண்ட குழு அமைக்கப்பட வேண்டும். அந்த மூவரில் ஒருவராக இருக்கத் தாம் அணியம். பதினெட்டு மாதத்தில் முடிக்கப்படும். சங்கத்துக்குச் செலவு மின்வருடலுக்கு மட்டும். கடைசி இரண்டு வரிகளே தீர்மானத்தை நிறைவேற்றின என்று வழிமொழிந்தவர் பின்னர் சொன்னார். செயற்குழுவினர் யோசனைகளுக்கு அஞ்சுவதில்லை. யோசனை சொன்னவர் ஊருக்குப் போனபின் அந்தச் சுமை தம் தலையில் விழுமே என்பதுதான் அவர்களுடைய அச்சம்.

வேலை தொடங்கியபின்தான் அதன் உண்மையான அளவு தெரிந்தது. எண்பதுகளின் இதழ்கள் தட்டச்சுப் படிகளிலிருந்து அச்சானவை. மின்வருடி எழுத்துணரியில் இட்டால், கீழ்ப்புள்ளி பெற்ற நாமடி மெய்கள் அனைத்தும் புள்ளி இழந்து வந்தன. ளகரமும் லகரமும் ஒன்றாகிவிட்ட அடைவு திராவிட மொழியியலாளருக்கு எவ்வகையிலும் பயன்படாது. தொண்ணூறுகளுக்குப் பின்வந்த தொகுதிகளில் சிக்கல் வேறு. அவை கணினியில் அமைந்தவை. ஆனால் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில். திரையில் சரியாகத் தெரியும் சொல், நகலெடுத்து ஒட்டியதும் வினாக்குறிகளும் நாணயக் குறிகளுமாக மாறியது. ஒவ்வொரு பதிப்பாசிரியர் காலத்திலும் ஒவ்வோர் எழுத்துரு. எந்தக் குறியீடு எந்த ஒலிக்கு நிற்கிறது என்ற அட்டவணையை யாரும் வைத்திருக்கவில்லை. குழு ஓய்வுபெற்ற பதிப்பாசிரியர்களைத் தேடிப் போயிற்று. ஒருவர் தம் பழைய நெகிழ்வட்டுகளை எடுத்துக் கொடுத்தார். அவற்றைப் படிக்கும் கருவி தேடுவது தனிக்கதை. மற்றொருவர் தம் காலத்துத் தொகுதிகளைத் தொடக்கூடாது என்றார். முறையாகக் கேட்காமல் தொடங்கிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். அது நியாயமான வருத்தம் என்றே சொல்ல வேண்டும். கடிதத்தில் மொழி அடைவுக்கு இடமளித்தவர்கள், அந்த இதழை இருபதாண்டு சுமந்தவருக்கு ஒரு வரி எழுத மறந்துவிட்டார்கள்.

பதினெட்டு மாதம் என்றது இரண்டரை ஆண்டாயிற்று. ஆசிரியர், தலைப்பு அடைவுகள் முடிந்தன. மொழி அடைவு பாதியில் நிற்கிறது. அந்த ஆய்வாளரின் ஆய்வேட்டில் ஓர் இயல் ஏறத்தாழ நான்கு மாதம் தள்ளிப்போயிற்று, நெறியாளர் மகிழவில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நான்கு மாதம் சிறிதன்று. குறுகிய கால எல்லையும் பணம் வருமென்ற உறுதியும் இல்லாத பெரிய பணியை மூன்றாம் ஆண்டுக்குப்பின் ஏற்காதிருப்பதே நல்லது. அந்நிலையில் உள்ளவர் ஆண்டுக்கு ஐந்தாறு சுருக்கங்களை மதிப்பிடும் வேலையைக் கேட்டுப் பெறலாம். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றாலும் ஒரு நாளுக்குள் முடியும்.

மறுபக்கத்தில் அவருக்குக் கிடைத்ததும் எதிர்பாராதது. அடைவுக்காக நாற்பதாண்டுக் கட்டுரைகளைப் புரட்டியதில், தாம் ஆயும் மொழியைப் பற்றி எந்த நூற்பட்டியலிலும் இடம்பெறாத இரண்டு சிறு குறிப்புகளைக் கண்டார். ஒன்று அவருடைய கருதுகோளுக்கு எதிரான தரவு. அதை எழுதியவர் ஓய்வுபெற்று மைசூரில் இருந்தார்; அவரிடம் களப்பணிக் குறிப்பேடுகள் இருந்தன. புறத்தேர்வாளர் அந்தத் தரவைச் சுட்டிக் கேட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பது வேறு கேள்வி.

இத்தகைய அனுபவத்தை எல்லாச் சங்கத்திலும் எதிர்பார்க்க முடியாது. தேர்தல் என்பது பெயரளவில் மட்டும் நடக்கும் அமைப்புகள் பல. வேட்புமனுப் படிவம் மாநாட்டு நாளில் மட்டும் கிடைக்கும். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் நேரில் இருக்க வேண்டும். ஒரே பட்டியல் போட்டியின்றித் தேர்வாகும். பதவிகள் சில துறைகளுக்குள், சில ஊர்களுக்குள், சில சமூகங்களுக்குள் சுற்றிவருவதை வெளியிலிருந்தே காணலாம். சிறிய ஊரின் அரசுக் கல்லூரியில் கற்பிப்பவர் பயணப்படி இல்லாமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து வாக்களிக்க இயலாது. அஞ்சல் வாக்கோ இணையவழி வாக்கோ இல்லாத துணைவிதி அவரை எழுதாமலே விலக்கிவைக்கிறது. ஆகவே சங்கத்தில் ஒரே ஒரு சீர்திருத்தத்துக்கு மட்டும் ஆற்றல் இருக்கிறது என்றால், தொலைவிலிருந்து வாக்களிக்கும் வழியைத் துணைவிதியில் சேர்ப்பதையே முதலில் கேட்க வேண்டும். மற்றவை அதன்பின் தாமே எளிதாகும். அதைக் கேட்பதற்கும் அந்த மாலைக் கூட்டத்தில்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்பது இதிலுள்ள முரண்.

வேறுவிதமாகவும் அமைக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு தொலைவில் இல்லை. ஏ.சி.எல். மாநாடுகளில் மாணவர் ஆய்வுப் பட்டறை ஒன்று நடக்கிறது. அதன் தலைவர்கள் மாணவர்கள். ஆசிரியர்கள் ஆலோசகர்களாக மட்டும் இருக்கிறார்கள். கட்டுரை கோருவது, மதிப்பீட்டாளரைப் பிடிப்பது, தேர்வது எல்லாம் மாணவர் பொறுப்பு. அந்தச் சங்கத்தின் கட்டுரைத் தொகுப்பகம் தன்னார்வலரால் பேணப்படுகிறது. தம் பெயர் தவறாக இருப்பதைக் கண்டவர் தாமே திருத்தம் அனுப்பலாம். தென்னிந்திய மொழிகளுக்கான திராவிட மொழித் தொழில்நுட்பப் பட்டறை 2021இல் தொடங்கியதும் அந்தக் குடையின்கீழ்தான். அங்கும் குறைகள் உண்டு; கட்டணமும் விசாவும் இந்திய மாணவரைத் தடுக்கின்றன. எனினும் மாணவர் கையில் ஒரு முழு அமர்வை ஒப்படைப்பதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை. இந்தியச் சங்கமொன்றின் மூன்று நாள் மாநாட்டில் அரைநாளை அவ்வாறு ஒதுக்க ஒரு பக்கத் தீர்மானம் போதும்: யார் தலைமை, யார் ஆலோசகர், எந்த நாளுக்குள் சுருக்கங்கள்.

பின்குறிப்பாக ஒன்று. மேலே சொன்ன ஆய்வாளர் இப்போது அந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இல்லை. போட்டியிட்டு மூன்று வாக்குகளில் தோற்றார். போட்டி நடந்தது அந்தச் சங்கத்தில் பல ஆண்டுகளுக்குப்பின் முதன்முறை. அதற்காக நாற்பத்தொரு பேர் வண்டியை விட்டுவிட்டு அரங்கில் இருந்தார்கள். ஐந்தரைக்கே குறைவெண் நிறைந்துவிட்டதால் ஒத்திவைப்புக்கு இடமில்லாமல் போயிற்று. ஆறு மணிக்கு என்று சொல்லிவைத்திருந்த தேநீர், கூட்டத்தின் நடுவில் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு கோப்பைகள்தான் இருந்தன.